ஆப்புல "Secure connection failed" வந்தா முதல்ல வருஷத்தைப் பாருங்க

1/
இன்னிக்கு சுகர், பிரஷர், காய்ச்சல் எதுவும் இல்ல. போனுக்கு வர்ற ஒரு வியாதியைப் பத்தி எழுதுறேன்.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சிட்டு மதுரைக்குப் பக்கத்துல ஒரு அரசு மருத்துவமனையில ஓபி பார்க்கிறவன். ஆனா இந்த வியாதியை ரெண்டு தடவை நேர்ல பார்த்துட்டேன். முதல் தடவை தப்பான வைத்தியத்தால 37 வீட்டுக் கணக்கு அழிஞ்சு போச்சு. ரெண்டாவது தடவை தப்பான வைத்தியம் நடக்க இருந்ததை கடைசி நிமிஷத்துல நிறுத்தினோம். ரெண்டு தடவையும் திரையில வந்தது ஒரே வரிதான். காரணம் மட்டும் நேர் எதிர்.

2/
முதல் கதை. 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஓபி எப்படி இருக்கும்னு அரசு மருத்துவமனை பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நிக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவுல எங்க களப்பணி அக்கா ஒருத்தவங்க டேப்பை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுட்டு வந்து நின்னாங்க. வீடு வீடா போய் பிபி, சுகர் பார்த்து ஆப்புல ஏத்துறது அவங்க வேலை. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"சார், மூணு ஊருல பார்த்ததெல்லாம் போச்சு சார். கடையில கொடுத்தேன், ஆப்பை அழிச்சுட்டு திரும்பப் போட்டான். இப்பவும் அதே எரர்தான் வருது. பழசும் இல்ல, புதுசும் ஏறல."

3/
நடந்தது இதுதான். அவங்க போற ஊர்கள்ல பாதி இடத்துல சிக்னல் கிடைக்காது. அதனால ஆப்புல பதியிறது முதல்ல டேப்புக்குள்ளேயே சேமிப்பாகும். நெட் கிடைக்கும்போது சர்வருக்கு ஏறும். ஒரு வாரத்து 37 வீடு அப்படி ஏறாம உள்ளேயே இருந்துச்சு.

நடுவுல வீட்டுல விசேஷம், மழை, கரண்ட் கட். டேப்பை ஒன்பது நாள் சார்ஜ் போடாம பீரோவுல வெச்சுட்டாங்க. திரும்ப எடுத்து சார்ஜ் போட்டு, தன் போன் ஹாட்ஸ்பாட்ல நெட் கொடுத்து ஆப்பைத் திறந்தா, "Secure connection failed". பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற செல்போன் கடைக்குப் போயிருக்காங்க. அங்க இருந்த பையன், எல்லா எரருக்கும் செய்யிற அதே வைத்தியத்தைச் செஞ்சிருக்கான். அன்இன்ஸ்டால், மறுபடி இன்ஸ்டால்.

சர்வருக்கு ஏறாத விவரம் எல்லாம் ஆப்போட சொந்த சேமிப்பிடத்துலதான் இருக்கும். அன்இன்ஸ்டால் பண்ணா அதுவும் சேர்ந்து போயிரும். "Clear data" அழுத்தினாலும் அதே கதிதான். ரீசைக்கிள் பின் மாதிரி எதுவும் கிடையாது.

4/
நான் டேப்பை வாங்கிப் பார்த்தேன். மணி சரி. தேதியும் சரி, 18 நவம்பர். "தேதியெல்லாம் பார்த்துட்டோம் சார், ஒண்ணாம் தேதின்னு ஏதோ காட்டுச்சு, கடையில மாத்திட்டாங்க"ன்னு அக்கா சொன்னாங்க.

டேப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனப்பதான் லாக் ஸ்கிரீன்ல ஒரு சின்ன எழுத்து கண்ணுல பட்டுச்சு. Sun, 18 Nov.

வெளிய திங்கட்கிழமை கூட்டம் கத்திக்கிட்டு இருக்கு. டேப்புக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை!

செட்டிங்ஸ்ல போய் முழுத் தேதியைப் பார்த்தேன். 18 நவம்பர் 2018. லாக் ஸ்கிரீன்ல வருஷம் காட்டாது. மாசத்தையும் நாளையும் மாத்தின கடைக்காரப் பையன் வருஷத்தை மாத்தல. ஆறு வருஷம் பின்னாடி நின்னுச்சு அந்த டேப்.

5/
ஏன் 2018-க்குப் போச்சு? போனை அணைச்சாலும் உள்ள ஒரு சின்னக் கடிகாரம் மெயின் பேட்டரியில மிச்சம் இருக்கிற துளி கரண்ட்ல ஓடிக்கிட்டே இருக்கும். பேட்டரி சுத்தமா வத்திப் போனா அதுவும் நின்னுரும். திரும்ப உயிர் வரும்போது, செய்யும்போதே எழுதி வெச்ச ஏதோ ஒரு ஆரம்பத் தேதிக்குப் போயிரும். அந்த டேப்புக்கு அது 2018 ஜனவரி 1. வேற போனுக்கு வேற தேதி இருக்கலாம். சிலது 1970 ஜனவரி 1-னே காட்டும்.

பொதுவா இது நமக்குத் தெரியாமலே சரியாயிரும். சிம் போட்ட போனுக்கு டவரே நேரம் சொல்லிரும். சிம் இல்லாட்டியும் நெட் கிடைச்சதும் நேரம் சொல்ற சர்வர்கிட்ட கேட்டுக்கும். ஆனா அதுக்கு "Automatic date and time" ஆன்ல இருக்கணும். இந்த டேப்ல ஆஃப்.

யாரு ஆஃப் பண்ணதுன்னு விசாரிச்சோம். அக்கா மகன், ஏழாவது படிக்கிறான். கேம்ல உயிர் தீர்ந்தா காத்திருக்கணும். தேதியை ஒரு நாள் முன்னாடி தள்ளினா உடனே உயிர் நிரம்பிரும். அதுக்காக ஆட்டோமேட்டிக்கை ஆஃப் பண்ணி விளையாடிட்டு, தேதியை நல்ல பிள்ளையா பழையபடி வெச்சுட்டான். ஆன் பண்ண மறந்துட்டான். அவ்வளவுதான்.

6/
சரி, தேதி தப்பா இருந்தா ஆப்புக்கு என்ன? நெட் இருக்கு, பாஸ்வேர்டு சரி. ஏன் சேர மாட்டேங்குது?

பெரிய ஆஸ்பத்திரிகள்ல வார்டுக்குள்ள போக பாஸ் கொடுப்பாங்க தெரியும்ல? அதுல பேர் இருக்கும், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைன்னு இருக்கும், கொடுத்தவங்க சீல் இருக்கும். வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி மூணையும் பார்ப்பார்.

ஆப்பு சர்வரோட பேச ஆரம்பிக்கும்போது, சர்வர் முதல்ல இந்த மாதிரி ஒரு பாஸைக் காட்டணும். அதுக்குப் பேர் சான்றிதழ். சர்வரோட முகவரி, செல்லுபடியாகும் முதல் நாள், கடைசி நாள், வழங்கின நிறுவனத்தோட டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் அதுல இருக்கும். நம்ம போன்தான் அங்க செக்யூரிட்டி. கையெழுத்து தனக்குத் தெரிஞ்ச நிறுவனத்தோடதான்னு பார்க்கும். முகவரி பொருந்துதான்னு பார்க்கும். அப்புறம் இன்னிக்குத் தேதி அந்த ரெண்டு நாளுக்கு நடுவுல வருதான்னு பார்க்கும். ஒண்ணு தப்பினாலும் கதவு திறக்காது. நம்ம பாஸ்வேர்டு அதுக்கு அப்புறம்தான் போகும்.

இதுல முக்கியமான விஷயம், "இன்னிக்குத் தேதி" என்னன்னு போன் வேற யாருகிட்டயும் கேக்காது. தன் கையில இருக்கிற காலண்டரைத்தான் பார்க்கும்.

7/
எங்க ஆப்போட சர்வர் சான்றிதழ்ல இருந்த ரெண்டு நாளை அப்புறம் பார்த்தேன். இப்படி இருந்துச்சு:

```
notBefore=Feb  9 00:00:00 2024 GMT
notAfter=Mar 11 23:59:59 2025 GMT
```

அதாவது 2024 பிப்ரவரி 9-ல இருந்து 2025 மார்ச் 11 வரைக்கும் செல்லும். 2024 நவம்பர் 18-ங்கிறது நடுவுல பத்திரமா இருக்கு. ஆனா டேப்போட காலண்டர்ல அன்னிக்கு 2018. "இந்த பாஸ் செல்லவே இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கே, போலியா இருக்கும்போல"ன்னு கதவைச் சாத்திருச்சு.

பாஸ் சரி. செக்யூரிட்டி கையில இருந்த காலண்டர்தான் தப்பு. ஆப்பை நூறு தடவை அழிச்சுப் போட்டாலும் காலண்டர் மாறாது.

8/
வைத்தியம் அரை நிமிஷம். செட்டிங்ஸ்ல `Date & time` போய் `Automatic date and time` ஆன் பண்ணேன். சாம்சங் மாதிரி சில போன்ல அது `General management`-க்குள்ள இருக்கும். ஹாட்ஸ்பாட் ஓடிக்கிட்டிருந்ததால சில நொடியில வருஷம் 2024-க்குத் தாவுச்சு.

இங்க ஒரு சந்தேகம் வரலாம். தேதி தப்புன்னா எல்லாக் கதவும் சாத்தியிருக்குமே, சரியான தேதி மட்டும் எப்படி உள்ள வந்துச்சு? நேரம் கேக்குற முறைக்கு இந்தச் சான்றிதழ் பரிசோதனை தேவையில்ல. அதனாலதான் தேதி தப்பின போனும் தானா எழுந்திரிக்க முடியுது.

ஆப் திறந்துச்சு. ஆனா 37 வீடு காலி.

9/
அக்காகிட்ட ஒரு நல்ல பழக்கம் இருந்துச்சு. டேப்புல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதிக்குவாங்க. அதுல ரெண்டு ஊர், 26 வீடு இருந்துச்சு. அன்னிக்கு மதியமே ஏத்திட்டோம். மூணாவது ஊர்ல மழை தூறினதால நோட்டை எடுக்காம நேரா டேப்புல பதிஞ்சிருக்காங்க. அந்த 11 வீடு எங்கயும் இல்ல.

"அதுல ஒருத்தருக்கு 190-க்கு 110 இருந்துச்சு சார். ஆடு மேய்க்கிறவர். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னேன். வந்தாரா?"

வரல. ஆப்புல ஏறியிருந்தா, பிபி அதிகம் உள்ளவங்க பட்டியல்ல அவர் பேர் எனக்கு வந்திருக்கும். வராதவங்களை போன் பண்ணிக் கூப்பிடுவோம். பேரே இல்லாததால யாரும் கூப்பிடல. ஒரு தேதி தப்பு கடைசியா போய் நின்ன இடம் அதுதான்.

மறுநாள் அக்கா அந்த ஊருக்குத் திரும்பப் போனாங்க. டீக்கடையில உக்காந்திருந்தவரை அப்படியே பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அன்னிக்கும் 184-க்கு 108. மாத்திரை ஆரம்பிச்சோம். இப்ப மாசா மாசம் வர்றார். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றார். பிபி அப்படித்தான்யா, ஒண்ணும் பண்ணாது, ஒரே நாள்ல எல்லாத்தையும் பண்ணிரும்னு நானும் ஒவ்வொரு தடவையும் சொல்றேன்.

10/
இப்ப ரெண்டாவது கதை. 2025 மார்ச் 12, புதன்கிழமை. புதன்னா தடுப்பூசி நாள். காலையில இருந்தே கைக்குழந்தைகளோட அம்மாக்கள், பாட்டிகள், அழுகைச் சத்தம்.

எட்டரை மணிக்கு நர்ஸ் சிஸ்டர் வந்து சொன்னாங்க, ஆப்புல "Secure connection failed". நான் பெரிய நிபுணர் மாதிரி "வருஷத்தைப் பாருங்க சிஸ்டர்"னேன். பார்த்துட்டு வந்தாங்க. வருஷம் சரி. தேதி சரி. ஆட்டோமேட்டிக் ஆன்.

அதுக்குள்ள களப்பணி அக்கா போன் பண்ணாங்க. "சார், எனக்கும் அதே எரர். வருஷம் சரியாத்தான் இருக்கு." பக்கத்து ஊர் மருத்துவமனையில வேலை பார்க்கிற நண்பனுக்கு அடிச்சேன். "இங்கயும்தான்டா."

அப்பவே பாதி தெரிஞ்சு போச்சு. ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வயித்துப்போக்குன்னா அவர் என்ன சாப்பிட்டார்னு கேப்போம். தெரு முழுக்க வயித்துப்போக்குன்னா தண்ணித் தொட்டியைப் பார்க்கப் போவோம். இது தண்ணித் தொட்டி.

11/
ஆபீஸ் கம்ப்யூட்டர்ல குரோம் திறந்து அதே ஆப்போட வலைதள முகவரியை அடிச்சேன். சிவப்பு எச்சரிக்கைப் பக்கம். அடியில சின்னதா இந்த வரி:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

தேதியில கோளாறுன்னு அர்த்தம். யாரு தேதியில? நம்ம கம்ப்யூட்டர் தேதி கண்ணுக்குத் தெரியுற அளவு தப்பா இருந்தா, குரோம் பெரும்பாலும் "Your clock is behind" இல்லன்னா "Your clock is ahead"-னு தனியாவே சொல்லிரும். அப்படி வரல. முகவரிக்குப் பக்கத்துல "Not secure"-னு இருந்ததை அழுத்தி, சான்றிதழைத் திறந்தேன். கடைசி நாள் 2025 மார்ச் 11. மேல காட்டினேனே, அதே சான்றிதழ். முதல் தடவை டேப் அதோட ஆரம்ப நாளுக்கு முன்னாடி நின்னுச்சு. இந்தத் தடவை ஊரே அதோட கடைசி நாளைத் தாண்டி நின்னுச்சு.

புதுப்பிக்க வேண்டியவங்க யாரோ மறந்துட்டாங்க.

12/
"நேத்து ராத்திரி பத்து மணிக்குக் கூட நான் பதிஞ்சேனே சார்"னு சிஸ்டர் கேட்டாங்க. உண்மைதான். சான்றிதழ்ல இருக்கிற நேரம் நம்ம நேரம் இல்ல, ஜிஎம்டி. நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. மார்ச் 11 ராத்திரி 23:59:59 ஜிஎம்டின்னா நமக்கு மார்ச் 12 காலை 5:29:59. ராத்திரி வரைக்கும் எல்லாம் ஓடும். விடிஞ்சு ஓபி திறக்கும்போது எல்லாம் செத்துக் கிடக்கும். இந்தியாவுல இந்தக் கோளாறு அடிக்கடி காலையில முதல் வேலையா முகத்துல அடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

13/
அதுக்குள்ள வாட்ஸ்அப் குரூப்புல ஒரு "தீர்வு" வந்து விழுந்துருச்சு. "தேதியை போன வாரத்துக்கு மாத்துங்க, ஆப் வேலை செய்யுது!" பத்து பேர் கட்டைவிரல் காட்டிட்டாங்க.

வேலை செய்யத்தான் செய்யும். செக்யூரிட்டி கையில பழைய காலண்டரைக் கொடுத்தா, காலாவதியான பாஸும் செல்லும். ஆனா அன்னிக்கு என்ன நாள்? தடுப்பூசி நாள். எங்க ஆப் ஊசி போட்ட தேதியை போன் தேதியில இருந்துதான் எடுத்துக்கும்.

ஒரு குழந்தையை வெச்சு கணக்குப் போட்டு சிஸ்டருக்குக் காட்டினேன். ஒன்றரை மாசக் குழந்தை, முதல் பென்டாவேலன்ட் ஊசி மார்ச் 12. அடுத்தது குறைஞ்சது 4 வாரம் கழிச்சு, ஏப்ரல் 9. போன் தேதியை மார்ச் 5-ன்னு வெச்சுப் பதிஞ்சா, ஆப் ஏப்ரல் 2-ன்னு கூப்பிடும். அம்மாவும் மெசேஜைப் பார்த்து வந்துருவாங்க. நிஜ இடைவெளி 21 நாள்தான். 28 நாளுக்கு முன்னாடி போட்ட ஊசியைக் கணக்குல சேர்த்துக்க முடியாது. அதைவிட மோசம், இந்தத் தப்பு ஒருத்தருக்கும் தெரியாது. அட்டையிலயும் ஆப்புலயும் எல்லாம் அழகாத்தான் இருக்கும்.

குரூப்புல போட்டேன்: "யாரும் தேதியை மாத்தாதீங்க. மாத்தினவங்க திரும்ப ஆட்டோமேட்டிக் ஆன் பண்ணுங்க. ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க. இன்னிக்கு ரிஜிஸ்டர்ல எழுதுங்க."

14/
இன்னொருத்தர் கேட்டார், "பிரவுசர்ல `Advanced` போய் `Proceed` அழுத்தி உள்ள போயிரலாமே டாக்டர்?"

நியாயமான கேள்வி. சான்றிதழ் காலாவதி ஆச்சுன்னா விவரம் எல்லாம் உடனே வெட்டவெளியில போறதில்ல. பூட்டு அப்பவும் பூட்டுதான். போறது வேற ஒண்ணு. எதிர்ல இருக்கிறவர் நிஜமாவே நம்ம சர்வர்தானாங்கிற உத்தரவாதம் போயிரும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழகிட்டா, நாளைக்கு பஸ் ஸ்டாண்டு இலவச வைஃபையில ஒருத்தன் போலி சர்வரை நடுவுல வெச்சாலும் அதே மாதிரி சிவப்புப் பக்கம்தான் வரும், அதே `Proceed`-தான் அழுத்துவோம். உள்ள இருக்கிறது நம்ம விவரம் மட்டும்னா பரவாயில்ல. நோயாளியோட பேர், போன் நம்பர், என்ன வியாதின்னு எல்லாம் இருக்கு. அதை யாருன்னு தெரியாதவர் கையில கொடுக்க எனக்கு உரிமை இல்ல.

15/
சரி, அப்ப எதுக்குத்தான் இந்தக் காலாவதித் தேதி? ஒரு தடவை கொடுத்தா காலம் முழுக்கச் செல்லுற மாதிரி கொடுக்கலாமே?

சர்வர்கிட்ட ஒரு ரகசியச் சாவி இருக்கும். அது என்னிக்காவது திருடு போகலாம். முகவரி வேற ஆளுக்குக் கைமாறலாம். திருடு போன சாவிக்கான சான்றிதழை ரத்து பண்ண முறை உண்டு, ஆனா ரத்தான சேதி எல்லா போனுக்கும் போய்ச் சேர்றது சரியா நடக்கிறதில்ல. தேதி முடிஞ்சா மட்டும் எல்லா போனும் தானா நிராகரிக்கும். அதனால ஆயுளைக் குறைச்சுக்கிட்டே வர்றாங்க. 2020 செப்டம்பர் 1-ல இருந்து வழங்குற சான்றிதழுக்கு அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15-ல இருந்து 200 நாள், 2027 மார்ச் 15-ல இருந்து 100, 2029 மார்ச் 15-ல இருந்து 47 நாள்னு முடிவாகியிருக்கு. ஆள் ஞாபகம் வெச்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துற வழக்கம் இனி ஓடாது. மெஷினே தானா புதுப்பிக்கிற ஏற்பாடு இல்லாத இடத்துல இந்த மார்ச் 12 திரும்பத் திரும்ப வரும்.

16/
நம்ம ஊர்லதான் இப்படின்னு நினைக்காதீங்க. 2020 கொரோனா நேரம், அமெரிக்காவுல கலிஃபோர்னியா. லேப்கள் பரிசோதனை முடிவை மாநில அரசோட கால்ரெடி என்கிற கணினி அமைப்புக்கு அனுப்பணும். ஜூலை 25-ல சர்வர் கோளாறு. அது போதாதுன்னு, குவெஸ்ட் என்கிற பெரிய லேப்ல இருந்து முடிவுகளை வாங்குறதுக்கான சான்றிதழை மாநிலத் தரப்புல புதுப்பிக்காம விட்டுட்டாங்க. ஜூலை 31-ல இருந்து ஆகஸ்ட் 4 வரைக்கும் அந்த லேப் முடிவு எதுவும் உள்ள வரல.

ரெண்டு கோளாறும் சேர்ந்து தேங்கினது 2,50,000-ல இருந்து 3,00,000 பதிவு. அந்த நாட்கள்ல தொற்று குறையுற மாதிரி தெரிஞ்சுது. ஆகஸ்ட் 7-ல மாநில சுகாதாரச் செயலர் மார்க் காலி பத்திரிகையாளர்கள் முன்னாடி இதை விளக்கிச் சொன்னார்.

எங்களுக்கு ஆப் சேராம கத்துச்சு, உடனே தெரிஞ்சுது. அங்க கணக்கு சத்தமில்லாம குறைஞ்சுது. மெஷினும் மெஷினும் பேசுற இடத்துல சான்றிதழ் செத்தா சிவப்புப் பக்கத்தைப் பார்க்க அங்க மனுஷன் இல்ல.

17/
அன்னிக்கு நாங்க என்ன செஞ்சோம்? உதவி எண்ணுக்கு போன் பண்ணோம். "ஆப் வேலை செய்யல"ன்னு சொன்னா "நெட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு பதில் வரும். அதனால மூணு விஷயத்தை மட்டும் சொன்னேன். எந்த முகவரி. சான்றிதழோட கடைசி நாள் மார்ச் 11-னு காட்டுது. வேற வேற ஊர்ல, வேற வேற நெட்ல மூணு கருவியில பார்த்தாச்சு. சான்றிதழ் திறந்த திரையோட ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினேன்.

மறுமுனையில இருந்தவர் ஒரு நிமிஷம் அமைதியானார். "பார்த்துட்டுச் சொல்றேன் சார்"னார். மதியம் ரெண்டரைக்கு ஆப் தானா திறந்துச்சு. நாங்க போன்ல ஒண்ணுமே செய்யல. சாயங்காலம் ரிஜிஸ்டரை வெச்சு, 12-ஆம் தேதியிலயே எல்லாக் குழந்தையையும் ஏத்தி முடிச்சோம்.

18/
உங்க போன்ல பேங்க் ஆப்போ வேற எதுவோ இப்படிச் சொன்னா, ரெண்டு கேள்வி கேளுங்க. முதல் கேள்வி, முழுத் தேதி என்ன? மணியை மட்டும் பார்க்காதீங்க, செட்டிங்ஸ்ல போய் வருஷத்தையும் பாருங்க. போன் தேதி தப்புன்னா ஒரு ஆப் மட்டும் இல்ல, அனேகமா எல்லாமே தகராறு பண்ணும். வாட்ஸ்அப் நேரடியாவே தேதியைச் சரி பண்ணச் சொல்லும்.

ரெண்டாவது கேள்வி, பக்கத்து போன்ல வருதா? தேதி சரியா இருந்து, ஒரே ஆப் எல்லார் போன்லயும் செத்துக் கிடந்தா அது சர்வர் பக்கத்துக் கோளாறு. நீங்க செய்ய வேண்டியது தகவல் சொல்றதும் காத்திருக்கிறதும்தான்.

தேதியும் சரி, மத்தவங்க போன்லயும் ஓடுது, உங்க பழைய போன்ல மட்டும் வரலைன்னா மூணாவது ஒண்ணு இருக்கு. சீல் யாரோடதுன்னு சரிபார்க்க போனுக்குள்ள ஒரு பட்டியல் இருக்கும். பழைய போன்ல அந்தப் பட்டியலும் பழசு. லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற நிறுவனம் ஏராளமான தளங்களுக்கு இலவசமா சான்றிதழ் கொடுக்குது. அதுக்குப் பின்னால நின்ன ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல காலாவதி ஆச்சு. பழைய ஐபோன், பழைய கம்ப்யூட்டர் பலதுல அன்னிக்கே தகராறு. ஆண்ட்ராய்ட் 7.1.1-க்கு முந்தின போன்களுக்காக ஒரு மாற்று ஏற்பாடு செஞ்சு 2024 செப்டம்பர் 30 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதுவும் முடிஞ்சுது. இப்படிப்பட்ட போனுக்கு அப்டேட் வந்தா போடுங்க. வரலைன்னா, அதுல பணம் சம்பந்தப்பட்ட ஆப்பை வெச்சுக்காதீங்க.

மூணுல எதுவா இருந்தாலும், ஆப்பை அழிக்கிறது வைத்தியம் இல்ல. அதுவும் ஏறாத விவரம் உள்ள இருந்தா அழிக்கவே அழிக்காதீங்க.

19/
அக்கா இப்பவும் அதே டேப்தான் வெச்சிருக்காங்க. காலையில கிளம்பும்போது செட்டிங்ஸைத் திறந்து வருஷத்தைப் பார்த்துக்கிறாங்க, நாங்க ஊசி மருந்து பாட்டிலைத் திருப்பி காலாவதித் தேதி பார்க்கிற மாதிரி. மகனுக்கு கேம் விளையாட தன் போனைக் கொடுக்கிறாங்களாம், டேப்பைத் தொட விடுறதில்ல. நோட்டை மட்டும் விடல. மழை பெஞ்சாலும் பிளாஸ்டிக் கவருக்குள்ள வெச்சு எழுதுறாங்க. ஒவ்வொரு பக்கத்துக்கு மேலயும் தேதி இருக்கு, வருஷத்தோட.

ஓபிக்கு நேரமாச்சு. வீட்டுல அம்மா அப்பா போனை வாங்கி ஆட்டோமேட்டிக் ஆன்ல இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துருங்க.